இரண்டாம் படியில் ஒரு கோடு

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். செப்டம்பர் கடைசியில் எனக்குத் தொடங்கிவிடும். அந்த மாதத்தின் இரண்டு சனி, ஞாயிறுகளை யாருக்கும் கொடுப்பதில்லை. சோழிங்கநல்லூரில் வேலை, அங்கேயே வாடகை வீடு. அப்பாவும் அம்மாவும் இருப்பது முடிச்சூரில், தொண்ணூறுகளின் நடுவில் கட்டிய தரைத்தள வீட்டில். மேலே மொட்டை மாடி, பின்பக்கம் கொஞ்ச தூரத்தில் அடையாறு. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்தக் கணக்கில் எங்கள் மாடியும் சேர்த்தி.

மழைக்கு முன் வீட்டைத் தயார் செய்வது பற்றிய பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் வரும். மாடியைச் சுத்தம் செய், வடிகாலைப் பார், மின் இணைப்பைச் சரிபார், மெழுகுவர்த்தி வாங்கு. ஒன்றும் தப்பில்லை. ஆனால் நாலும் நாலு தனி வேலைகள் மாதிரி எழுதியிருப்பார்கள். எங்கள் வீட்டில் பார்த்தவரைக்கும் அது ஒரே வேலைதான். மாடியில் விழுகிற தண்ணீர் எந்த வழியாக எங்கே போகிறது என்று கூடவே நடந்து போய்ப் பார்ப்பது. அப்படி நடந்தால் மாடியில் ஆரம்பித்து சுவிட்ச் போர்டில் போய் நிற்போம். நான் நின்றேன்.

முதலில் மாடி. எங்கள் மாடி சுமார் ஆயிரம் சதுர அடி. அதாவது 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எனவே ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 930 லிட்டர். 2015இன் அந்த ஒரு நாளில் எங்கள் மாடியில் மட்டும் கிட்டத்தட்ட 45,000 லிட்டர் விழுந்திருக்கிறது. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கும் தெருவுக்கு இதைச் சொன்னால் புரியும்: பெரிய லாரியில் நாலு லோடு. அவ்வளவும் இறங்க இருப்பது நாலு அங்குலக் குழாய்கள் இரண்டு. அடைப்பு இல்லாவிட்டால் தாராளமாகப் போதும். ஆனால் குழாய் வாயில் ஒரு வேப்பிலைக் கொத்தும் ஒரு பிளாஸ்டிக் பையும் சேர்ந்தால் கதை முடிந்தது. கைப்பிடிச் சுவர் தண்ணீரைக் கட்டி வைத்துக்கொள்ளும். பத்து சென்டிமீட்டர் தேங்கினாலே ஒன்பது டன். பத்துச் சின்னக் கார்களை மாடியில் நிறுத்தியது போல.

குழாய் வாயில் தட்டையான சல்லடை போட்டிருந்தார்கள். தட்டைச் சல்லடையை மூட ஒரே ஒரு பாதாம் இலை போதும். அதை எடுத்துவிட்டுக் கவிழ்த்த கிண்ணம் போல மேடாக இருக்கும் சல்லடை வாங்கிப் போட்டேன். இலை அதன் அடியில் ஒதுங்கிக்கொள்ளும், தண்ணீர் மேல் ஓட்டைகள் வழியாக இறங்கும். சின்னச் செலவு. இதுவரை மாடியில் நான் செய்த வேலைகளிலேயே அதிகம் பலன் தந்தது அதுதான்.

அடுத்தது கசிவு. சமையலறைக் கூரையின் ஒரு மூலையில் ஒவ்வொரு மழைக்கும் ஒரு ஈரத் திட்டு வரும். மழை நின்றதும் காய்ந்து, பழுப்பு நிறத்தில் ஒரு வரைபடத்தை விட்டுப் போகும். "பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்" என்பது அப்பாவின் நிலைப்பாடு. இரண்டு தடவை மாடி முழுக்க வெள்ளை நிறத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தும் ஆகிவிட்டது. வரைபடம் வளர்ந்தது.

எங்கே கசிகிறது என்று தெரியாமல் பூசுவது, எந்த வரியில் பிழை என்று தெரியாமல் நிரல் முழுவதையும் திருத்தி எழுதுவது போல. எனவே ஒரு சோதனை செய்தேன். குழாய் வாய்களைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து இறுக அடைத்து, தாழ்வான மூலையில் மூன்று விரல் உயரம் நிற்கும்படி தண்ணீர் விட்டேன். ஒரு ஸ்டீல் ஸ்கேலை அங்கே நிறுத்திக் கட்டினேன். பக்கத்திலேயே ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டேன். வாளி எதற்கு என்றால், வெயிலில் மாடித் தண்ணீர் ஆவியாகவும் குறையும், கசிந்தும் குறையும். வாளித் தண்ணீர் ஆவியாக மட்டும்தான் குறையும். இரண்டையும் கழித்தால் மிச்சம் கசிவு. "மாடியில என்னடா பண்றே, மீன் வளர்க்கப் போறியா?" என்று அப்பா கேட்டார். முதல் நாள் கணக்கைத் தூக்கிப் போட வேண்டும். காய்ந்த தட்டோடும் அதன் அடியில் இருக்கும் செங்கல் ஜல்லியும் அன்று நிறையக் குடிக்கும். இரண்டாம் நாள் மறுபடி கோடு வரை நிரப்பிப் பார்த்தேன். இருபத்துநாலு மணி நேரத்தில் வாளியில் 4 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மாடியில் 11. குழாயின் கீழ்வாய் எலும்பாகக் காய்ந்து கிடந்தது, எனவே அடைப்பு வழியாக ஒழுகவில்லை. 7 மில்லிமீட்டர் தண்ணீர் வீட்டுக்குள்தான் எங்கேயோ போயிருக்கிறது.

அந்த மூலையில் குனிந்து பார்த்தபோது தளம் நன்றாகத்தான் இருந்தது. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்தில், சிமெண்டால் வளைவாகப் பூசியிருப்பார்களே, அதன் நெடுகே முடி கனத்தில் ஒரு விரிசல். வெயிலில் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. சுவர் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. இரண்டும் சேரும் இடம் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் எத்தனை பூச்சு அடித்தாலும் அடுத்த கோடையில் கிழியும். கொத்தனார் அந்த வளைவை முழுக்கக் கொத்தி எடுத்தார். தூசியைத் தட்டிக் கழுவி, பாலிமர் திரவம் கலந்த சிமெண்ட் கலவையால் புதிதாக வளைவு கட்டினார். அது காய்ந்ததும் வலைத்துணி வைத்து, தளத்தில் ஒரு ஜாண், சுவரில் ஒரு ஜாண் ஏறும்படி நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை. மாடி முழுக்கப் பூசவில்லை, பன்னிரண்டு அடி நீளம் மட்டும். திரும்ப வாளிச் சோதனை. இந்த முறை இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தது.

இப்போது தண்ணீர் குழாய் வழியாகத்தான் இறங்கும் என்று நம்பலாம். இறங்கி எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் 2003இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் வீட்டிலும் அப்போது ஒரு தொட்டி தோண்டி, கூழாங்கல்லும் மணலும் போட்டு மூடியிருந்தார்கள். இரண்டு குழாயும் அதில் சேர்வதாகத்தான் குடும்பத்தில் ஐதீகம். அம்மாவிடம் மஞ்சள்தூள் கேட்டேன். "எதுக்கு? மாடியில பொங்கல் வைக்கப் போறியா?" இரண்டு கைப்பிடியை ஒரு வாளியில் கரைத்து ஒரு குழாயில் ஊற்றிவிட்டு, கீழே எல்லா மூடிகளையும் திறந்து வைத்துக் காத்திருந்தேன். முதல் குழாயின் மஞ்சள் தண்ணீர் சேகரிப்புத் தொட்டியில் வந்தது. இரண்டாவது குழாயின் மஞ்சள், கழிவுநீர்த் தொட்டியின் மூடிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. எப்போதோ பின்பக்கக் குழாயை மாற்றியவர், அருகில் இருந்த கழிவுநீர்க் குழாயில் சுருக்கமாக இணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வெயில் காலத்தில் இதனால் ஒரு கேடும் இல்லை. பெருமழையில் மாடித் தண்ணீரில் பாதி கழிவுநீர்த் தொட்டிக்குள் பாயும். தொட்டி நிரம்பினால் தண்ணீர் வெளியேறத் தாழ்வான வாயைத் தேடும். எங்கள் வீட்டில் இருப்பதிலேயே தாழ்வான வாய், குளியலறைத் தரைச் சல்லடையும் கழிப்பறைப் பீங்கானும். 2015இல் வாசல் வழியாக வெள்ளம் வருவதற்கு முன்பே வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று அம்மா சொல்வார். ஆறு பொங்கியதால் வந்தது என்று அதுவரை நினைத்திருந்தோம். முதல் தவணை எங்கள் மாடியிலிருந்தே வந்திருக்கிறது.

பிளம்பரை வைத்து அந்த இணைப்பைத் துண்டித்து, பின்பக்கக் குழாயையும் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்பினோம். தொட்டியின் கூழாங்கல்லை வெளியே எடுத்துக் கழுவினோம். மணலின் மேல் அரை அடிக்கு வழவழப்பான சேறு. அது இருக்கிறவரை தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது, பேருக்குத்தான் சேகரிப்பு. கழிவுநீர்க் குழாயில் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றும் போட்டோம். வால்வுக்குள் குப்பை சிக்கினால் மூடாது, அதனால் வருஷம் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். அதை மட்டும் நம்பாமல், கெட்டியான பிளாஸ்டிக் பைகளில் மணல் கட்டிக் குளியலறை மூலையில் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஏறும் நாளில் கழிப்பறைப் பீங்கானுக்குள் ஒன்று, தரைச் சல்லடையின் மேல் ஒன்று.

இனி மின்சாரம். இந்த இடத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, தெருவில் தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். வீடு இன்வெர்ட்டரில் ஓடியது. இரவு அம்மா போனில் சொன்னார்: "கொழாயத் தொட்டா ஜிவ்வுங்குதுடா. அப்பா கிட்ட சொன்னா, கரண்ட்டே இல்ல, உனக்கு நரம்புத் தளர்ச்சிங்கறாரு."

கரண்ட் இல்லை என்பதும் உண்மை, ஷாக் அடித்தது என்பதும் உண்மை. இன்வெர்ட்டரை உடனே அணைக்கச் சொன்னேன். அன்றிரவு இருட்டில் இருந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு, எங்கள் ஏரியாவில் முப்பது வருஷமாக ஒயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன் அண்ணனோடு உட்கார்ந்து பார்த்தேன். சமையலறை சுவிட்ச் பெட்டியைக் கழற்றினார். உள்ளே பித்தளைத் திருகுகளில் பச்சைக் களிம்பு, பெட்டியின் அடியில் சொட்டுத் தண்ணீர். சரியாக அந்த ஈரத் திட்டுக்குக் கீழே. மாடி விரிசலில் இறங்கிய தண்ணீர் சுவருக்குள் ஒயர் போகும் குழாயையே வாய்க்காலாகப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு வந்து, அங்கிருந்து நனைந்த சுவர் வழியாகத் தண்ணீர்க் குழாய்க்கு மின்சாரத்தைக் கொண்டுபோயிருக்கிறது. அந்த இரும்புக் குழாய் முன்பு மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. நடுவில் பிளாஸ்டிக் குழாய் வைத்து ஒட்டுப் போட்டதால் மண்ணோடு தொடர்பு அறுந்து, சுவரில் ஒரு முழ நீளத்துக்கு அநாதையாக நின்றது. அம்மாவின் கை பட்டபோதுதான் அதற்கு மண் கிடைத்தது.

"நம்ம வீட்ல ஆர்சிசிபி இருக்கே அண்ணே, ஏன் விழல?" என்று கேட்டேன்.

ஆர்சிசிபி என்பது என்ன என்று ஒரு பத்தி. மெயின் பெட்டியில் வரிசையாக இருக்கும் எம்சிபிகள் ஒயரைக் காப்பாற்ற இருப்பவை, நம்மை அல்ல. நனைந்த உடம்பின் மின்தடையைத் தோராயமாக ஆயிரம் ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் பாயும். ஒரு மனிதனைக் கொல்ல அது போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு சின்ன விளக்கு எரிவது போலத்தான், கண்டுகொள்ளாது. ஆர்சிசிபி வேறு வேலை செய்கிறது. ஃபேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வந்ததும் சமமா என்று எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளுக்கான ஆர்சிசிபி, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும். அந்த வித்தியாசம் யாரோ ஒருவரின் உடம்பு வழியாகப் போயிருக்கலாம் அல்லவா.

அண்ணன் பெட்டியைக் காட்டினார். "தம்பி, இது மெயினுக்குப் பக்கத்துல இருக்கு. வெளியில இருந்து வர்ற கரண்ட்டத்தான் இது பாக்கும். இன்வெர்ட்டர் இதுக்கு அந்தாண்ட இருக்கு. லைன் நின்னுடுச்சுன்னா கரண்ட்டு பேட்டரியிலிருந்து கெளம்பி, அப்படியே வீட்டுக்குள்ள சுத்திட்டுப் போயிடும். இதுக்கு ஒண்ணும் தெரியாது."

யோசித்துப் பாருங்கள். வெள்ளம் வரும்போது மின்சாரத்தை நிறுத்துவார்கள். நிறுத்தியதும் இன்வெர்ட்டர் தானாக எழுந்துகொள்ளும். சுவர் அதிகமாக நனைந்திருக்கும் அந்த நேரத்தில், வீட்டில் இருக்கும் ஒரே உயிர்க்காப்பு வேலையில் இல்லை. ஆர்சிசிபி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கும் எத்தனையோ வீடுகளில் இந்த ஓட்டை இருக்கும். நீங்கள் கண்டுபிடிக்கும் வழி எளிது. மெயினை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரில் ஒரு விளக்கைப் போடுங்கள். எரியும். இப்போது ஆர்சிசிபியின் 'டி' பட்டனை அழுத்துங்கள். அது விழுந்தாலும் விழாவிட்டாலும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், இன்வெர்ட்டர் சர்க்யூட் அதன் காவலில் இல்லை என்று அர்த்தம்.

இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் ஒயரில் தனியாக ஒரு ஆர்சிசிபி போட வேண்டும். போட்டோம். போட்ட அடுத்த நிமிடமே விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. பழைய வீடுகளில் எல்லா சர்க்யூட்டுக்கும் நியூட்ரலை ஒன்றாக முறுக்கிவிட்டிருப்பார்கள். இன்வெர்ட்டர் ஃபேஸில் போனது வேறு நியூட்ரல் வழியாகத் திரும்பினால், ஆர்சிசிபிக்கு அது கசிவு போலத்தான் தெரியும். "சும்மா சும்மா விழுது தம்பி, இத எடுத்துடலாமா? எல்லாரும் எடுக்கத்தான் சொல்றாங்க" என்றார் அண்ணன். எடுக்க வேண்டாம், நியூட்ரலைப் பிரித்துவிடலாம் என்றேன். இன்வெர்ட்டர் சர்க்யூட்டுக்குத் தனி நியூட்ரல் ஒயர் இழுக்க ஒரு முழு நாள் ஆனது. அதன் பிறகு ஒரு முறைகூடக் காரணமில்லாமல் விழவில்லை. சில இன்வெர்ட்டர்கள் பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலையும் துண்டித்துவிடும். அப்போது கசிவு எர்த்துக்குப் போய்த் திரும்ப வழி இருக்காது, 'டி' பட்டன் வேலை செய்தாலும் உண்மையான கசிவில் ஆர்சிசிபி விழும் என்று சொல்ல முடியாது. அதனால் மெயினை அணைத்த நிலையில், எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். இது நாமே செய்யக்கூடிய வேலை இல்லை.

சமையலறைப் பெட்டியை மாற்றினோம், ஒயரையும் புதிதாக இழுத்தோம், குழாயை எர்த்தோடு இணைத்தோம். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையிலிருந்து எடுத்து, இடுப்பு உயரத்தில் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினோம். அதன் சுவிட்சின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன்: "முதலில் இது. பிறகு மெயின்." வெறும் மெயினை மட்டும் அணைத்தால் இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளும் என்பது, பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

கடைசியாகச் சேமிப்பு. இதில் நான் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். இரண்டு பேருக்கு நாளுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் என்றால், ஐந்து நாளைக்கு முப்பது லிட்டர். இரண்டு கேன். மற்றதற்கு மாடித் தொட்டியின் ஆயிரம் லிட்டர். மழை எச்சரிக்கை வந்த அன்றே மோட்டார் போட்டு நிரப்பிவிட வேண்டும், பிறகு மின்சாரம் இருக்காது. தரைக்குள் இருக்கும் சம்ப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெள்ளம் அதன் மூடியைத் தாண்டினால் அதில் இருப்பது கழிவுநீர் கலந்த தண்ணீர். அப்பாவின் சர்க்கரை மாத்திரை, அம்மாவின் பிரஷர் மாத்திரை இரண்டு வாரத்துக்கு, மருந்துச் சீட்டோடு ஒரு டப்பாவில். பத்திரம், பாஸ்புக், ஆதார் எல்லாம் ஜிப் பையில் அதே டப்பாவில். டார்ச் இரண்டு. மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டேன். சிலிண்டர் வீட்டுக்குள் இருக்கும்போது இருட்டில் நெருப்புக் கொளுத்த வேண்டாம். சிலிண்டர் வெள்ளத்தில் மிதக்கும் என்பதால் அதைச் சுவரோடு சங்கிலியில் கட்டியிருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஒரு பெரிய வேலை பாக்கி இருந்தது. அப்பா. அவருக்கு எழுபத்திரண்டு வயது, முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். 2015இலும் 2023இலும் "இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்று சொல்லியே தண்ணீர் உள்ளே வரும்வரை உட்கார்ந்திருந்தார். எப்போது கிளம்புவது என்பதை மழைக்கு நடுவில் அவரோடு பேசி முடிவு செய்ய முடியாது. அதனால் வெயிலில் பேசினோம். வாசலில் அரை அடி உயரத்தில் மூன்று படிகள். முதல் படியில் பச்சைக் கோடு: தண்ணீர் இங்கே வந்தால் பிரிட்ஜ், மோட்டார் பிளக்கைப் பிடுங்குவது, மணல் பைகளை வைப்பது. இரண்டாம் படியில் சிவப்புக் கோடு: இன்வெர்ட்டர், மெயின், சிலிண்டர் மூன்றையும் மூடிவிட்டு டப்பாவோடு எதிர்வீட்டு மாடிக்குப் போவது. அவர்களிடமும் சொல்லி வைத்தாயிற்று. போன தடவை இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஏறத் தண்ணீருக்கு முக்கால் மணி நேரம்தான் ஆனது என்று அம்மா ஞாபகம் வைத்திருந்தார். சிவப்புக் கோட்டில் தண்ணீர் ஒரு அடி ஆழம், முழங்காலுக்குக் கீழே. அது வரைதான் அப்பாவால் பிடித்துக்கொண்டு நடக்க முடியும்.

அப்பா ரொம்ப நேரம் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரோட்ட வருஷா வருஷம் ஒசத்துறான். இந்தப் படி எல்லாம் அப்போ ரோட்டுக்கு மேல இருந்துச்சு" என்றார். பெயிண்ட் டப்பாவை என்னிடமிருந்து வாங்கி, சிவப்புக் கோட்டை அவரே இழுத்தார். கொஞ்சம் கோணல். ஆனால் நான் குறித்துக் கொடுத்த இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே போட்டிருந்தார்.